ஒற்றை அச்சு வேலைக்கு விலை சொல்லும் முன்

திருவல்லிக்கேணி அச்சகத்துக்கு 500 கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். அட்டையை 500-க்குக் கணக்கிடாதீர்கள். கலர் சரிபார்ப்பதிலேயே ஐம்பது வீணாகும். 550 அட்டை, எட்டு ரூபாய் வீதம் 4,400. பிளேட், மை 1,200. கூலி 8 மணி நேரம், 150 வீதம் 1,200.

அப்புறம் பலர் விட்டுவிடுவது மேல்செலவு. மாத வாடகை, மின்சாரம், மெஷின் தேய்மானம் சேர்த்து 60,000. மெஷின் மாதம் 200 மணி நேரம் ஓடினால் மணிக்கு 300. பிளேட் மாட்டி செட் பண்ணும் நேரத்தையும் சேர்த்து 4 மணி நேரத்துக்கு 1,200.

அடக்கம் 8,000. விலையில் 20 சதவீதம் லாபம் நிற்க வேண்டுமென்றால் 9,600 போதாது; 8,000-ஐ 0.8-ஆல் வகுத்து 10,000 சொல்லுங்கள், ஜிஎஸ்டி தனி. நூறு பத்திரிகை மட்டும் கேட்டாலும் பிளேட்டும் செட்டிங் நேரமும் குறையாது, அதனால் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.