எட்டுப் பேர் சாரணர் அணிக்கு முகாம் சாமான்: சோதித்து எடுத்து வைப்பது எப்படி?

சாரணர் இயக்கத்தில் ஓர் அணி என்றால் ஆறு முதல் எட்டுப் பேர். இங்கே எட்டுப் பேர், இரண்டு இரவு, விறகடுப்புச் சமையல் என்று வைத்துக்கொள்வோம்.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். ஒரு நோட்டில் பொருள், எண்ணிக்கை, சோதித்த தேதி, சோதித்தவர் பெயர் என்று நான்கு கட்டம் போடுங்கள். 'கூடாரம் 3' என்று எழுதி டிக் அடித்தால் கூடாரம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், மழைக்குத் தாங்குமா என்பது தெரியாது. அதனால் பொருளைப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் தேதியை எழுத வேண்டும்.

கூடாரம்

'நான்கு பேர் கூடாரம்' என்று விற்பதில் பைகளோடு மூன்று பேர்தான் வசதியாகப் படுக்கலாம். ஆகவே எட்டுப் பேருக்கு மூன்று வேண்டும். மூன்றையும் பள்ளி மைதானத்தில் முழுசாக அடித்துப் பாருங்கள். ஒரு கூடாரத்துக்கு எத்தனை முளை தேவை என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும். பன்னிரண்டு தேவைப்பட்டால் பதினான்காக, அந்தக் கூடாரத்தின் பையிலேயே போட்டு வையுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளையைக் காற்று எளிதில் பிடுங்கிவிடும்.

அடுத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்துத் தையல்கள் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கசியும் இடத்தை அவர் சொல்லட்டும், நீங்கள் குறித்துக்கொண்டு நன்றாகக் காய்ந்த பின் தையல் அடைக்கும் பசை பூசுங்கள். அடியில் போடும் தார்ப்பாய் கூடாரத்தின் அடிப்பரப்பைவிட நான்கு விரல் உள்ளடங்கியே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதன்மேல் விழுந்து கூடாரத்துக்கு அடியில் போய்த் தேங்கும். கூரை நன்றாக இருந்தும் படுக்கை நனைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கயிறு

கழிகளைக் கட்ட ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் நீளத்தில் பத்துத் துண்டு, துணி உலர்த்தவும் தார்ப்பாய் கட்டவும் 10 மீட்டரில் இரண்டு. தொடக்கக்காரர்களுக்கு இது போதும். கழிகளுக்குச் சணல் கயிறு நல்லது, வழுக்காமல் பிடிக்கும். கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறு மட்டும் நைலானாக இருக்கட்டும். சணலும் பருத்தியும் நனைந்தால் சுருங்கி முளையையே இழுத்துவிடும்.

சணல் கயிற்றை முறுக்குக்கு எதிராகத் திருகி, புரிகளுக்கு நடுவே பாருங்கள். உள்ளே பொடி உதிர்ந்தால் அது உளுத்துவிட்டது, எடுக்காதீர்கள். நுனி பிரியாமலிருக்கச் சணலுக்கு நூல் சுற்றிக் கட்டவும். நைலானுக்கு நுனியை மெழுகுவர்த்தியில் உருக்கினால் போதும், ஆனால் உருகியதை விரலால் தொடக் கூடாது.

சமையல் பாத்திரம்

பாத்திரத்தின் அளவை அரிசியிலிருந்து கணக்கிடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு ஆளுக்கு 125 கிராம் என்றால் எட்டுப் பேருக்கு 1 கிலோ. அது வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காக உப்பும். வடிப்பதற்கும் இடம் வேண்டும் என்பதால் 8 லிட்டர் குண்டான் சரியாக இருக்கும். குழம்புக்கு 4 லிட்டர் பாத்திரம் ஒன்று, டீக்கு ஒன்று. இவற்றோடு மூடிகள், கரண்டி இரண்டு, கத்தி, இடுக்கி, கனமான பிடிதுணி, 20 லிட்டர் தண்ணீர் கேன். தீப்பெட்டியையும் உப்பையும் திருகுமூடி டப்பாவில் போடுங்கள்.

முகாமில் அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் களிமண்ணோ சாம்பலோ குழைத்துப் பூசினால் கரி அதன்மேல்தான் படியும், கழுவும்போது சுலபமாக வந்துவிடும். ஒரு வேளைச் சமையலை முன்கூட்டியே இதே பாத்திரங்களில் செய்து பாருங்கள். ஜல்லிக்கரண்டி இல்லை, எண்ணெய்க்கு மூடி இல்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலுதவி

ஒட்டும் பிளாஸ்திரி, காஸ் துணி, டேப், கிரேப் பேண்டேஜ், அயோடின் மருந்து, கையுறை, கத்தரிக்கோல், முள்ளெடுக்கும் சிமிட்டா, தெர்மாமீட்டர். சாரணர் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபே கை அடிபட்டால் தூளியாகும். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 1 லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. மாற்றிக் கலக்கினால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். காலாவதித் தேதி பார்க்காத எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம்.

மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் உள்ள ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து, பெற்றோர் எண், அருகிலுள்ள அரசு மருத்துவமனை, 108. அதன் கீழே இரண்டு வரி: தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பேஸ்ட் தடவக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டு இறுக்காமல், கீறாமல், அசையவிடாமல் உடனே மருத்துவமனை. மாத்திரை எதுவும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பெற்றோர் எழுதிக் கொடுத்ததை முகாம் ஆசிரியரே வைத்திருக்கட்டும்.

கடைசியாக, ஏற்றும் வரிசை. பாத்திரமும் அரிசியும் அடியில், கூடாரம் மேலே, ஏனென்றால் போய் இறங்கியதும் முதலில் எடுப்பது அதைத்தான். முதலுதவிப் பெட்டியை மூட்டைக்குள் வைக்காமல் அணித்தலைவர் கையில் கொடுங்கள்.