பயிற்சி மையத்தைப் பூட்டிவிட்டார்களா? கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் வழி

2025 ஜனவரியில் நொய்டா, காசியாபாத் உள்ளிட்ட நகரங்களில் ஃபிட்ஜி நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் திடீரென மூடப்பட்டபோது, முன்பணம் கட்டியிருந்த பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அது தேவையான புகார்தான். ஆனால் காவல்துறை பார்ப்பது மோசடிக் குற்றத்தை. உங்கள் பாக்கியைக் கணக்கிட்டுத் திருப்பித் தர உத்தரவிடுவது நுகர்வோர் ஆணையம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

1. பணம் யாரிடம் போனது?
பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பெயர்ப்பலகையில் ஒரு நிறுவனம், ரசீதில் இன்னொன்று இருக்கும். உள்ளூர்க்காரர் உரிமம் வாங்கி நடத்தியிருப்பார். வங்கிக் கணக்கு அறிக்கையில் பணம் பெற்றவர் பெயரைப் பாருங்கள். பிறகு அவரையும் தலைமை நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் மற்றவரைக் கைகாட்டுவார். வாட்ஸ்அப் குழு கலைக்கப்படுவதற்கு முன் அதிலுள்ள அறிவிப்புகளைச் சேமித்துவிடுங்கள். பூட்டிய கதவையும் படம் எடுங்கள்.

2. கணக்குப் போடுங்கள்
12 மாத வகுப்புக்கு 1,20,000 ரூபாய் கட்டி, 4 மாதம் மட்டும் நடந்திருந்தால், கேட்க வேண்டியது 80,000 ரூபாய். வட்டியும் மன உளைச்சலுக்கான இழப்பீடும் தனி. முழுத் தொகையையும் கேட்டால் நடந்த வகுப்புகளைக் காட்டியே வாதாடுவார்கள்.

3. அறிவிப்பும் 1915ம்
15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். ஆளில்லை என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அதுவும் சான்று. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். நிறுவனம் இன்னும் இயங்கினால், சில நேரம் இதிலேயே முடிந்துவிடும்.

4. மாவட்ட ஆணையத்தில் மனு
e-jagriti.gov.in தளத்தில் கணக்குத் தொடங்கி மனுவை ஏற்றலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று படிவத்தில் அச்சிட்டிருந்தாலும் தயங்காதீர்கள். நடத்தாத வகுப்புக்கு அந்த வரியைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்வதை ஆணையங்கள் பலமுறை நிராகரித்திருக்கின்றன. 'கல்வி ஒரு சேவை அல்ல' என்பார்கள். ஆனால் பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தெளிவுபடுத்திவிட்டது.

கடனில் கட்டியவர்களுக்கு
மாதத் தவணையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்; கடன் வாங்கிய பெற்றோரின் சிபில் மதிப்பெண் விழும். வகுப்பு நின்ற நாளைக் குறிப்பிட்டுக் கடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மனுவில் அதையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, தவணைக்கு இடைக்காலத் தடை கேளுங்கள்.

உத்தரவு வந்த பிறகு
பணம் தானாக வந்துசேராது. தராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71, 72ஆம் பிரிவுகளின்படி நிறைவேற்று மனு போட வேண்டும். 72இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால் இந்த வழி உறைந்துவிடும். அப்போது திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அதிகாரியிடம், அவர் அறிவித்த தேதிக்குள், உரிமைகோரலைப் பதிய வேண்டும். அங்கே வங்கிகளுக்குப் பின்னால்தான் மாணவர்கள் நிற்பார்கள்.