மூன்று மானிட்டர் ரிக்: ஸ்டாண்ட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கார் ரேசிங் கேமுக்குப் புதிதாக ரிக் கட்டுபவர்களில் பலர் முதலில் ஸ்டாண்ட் வாங்குகிறார்கள், பிறகு மானிட்டர், கணக்கு கடைசியில்தான். அந்த வரிசையில்தான் காசு வீணாகிறது. வழக்கமாக நேரும் தவறுகள் இவை.

பக்கத் திரைகளை 45 டிகிரியில் பூட்டிவிடுவது

கோணம் மாற்ற முடியாத ஸ்டாண்டுகள் சிலவற்றில் 45 டிகிரிதான் இருக்கும். பார்க்கக் கச்சிதமாக இருக்கும், ஆனால் உங்கள் கண் எங்கே இருக்கிறது என்பது ஸ்டாண்டுக்குத் தெரியாது. W திரையின் அகலம், B திரையோரச் சட்டமான பெசலின் ஒரு பக்க அகலம், D கண்ணிலிருந்து நடுத்திரைக்கு உள்ள தூரம், FOV ஒரு திரை கண்ணில் அடைக்கும் கோணம் என்று கொண்டு, atan-ஐ டிகிரியில் எடுத்தால்:

```
FOV   = 2 * atan((W / 2) / D)
angle = 2 * atan((W / 2 + B) / D)
```

32 அங்குல 16:9 மானிட்டரின் அகலம் 70.8 செ.மீ. பெசல் 0.8, கண் தூரம் 65 செ.மீ. என்றால் ஒரு திரையின் FOV 57 டிகிரி, பக்கத் திரை திரும்ப வேண்டிய கோணம் 58. இதே மானிட்டருக்கு 45 டிகிரி பொருந்த வேண்டுமானால் கண் 87 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பின்னால் உட்கார்ந்தால் படம் சிறுத்துவிடும்.

திரை 45-இல் நிற்க, கேமில் 58 என்று கொடுத்தால், 87 டிகிரி பக்கவாட்டில் இருக்க வேண்டிய கார் 81-இலேயே தெரியும். அதாவது உங்களை ஒட்டி வரும் கார், இருப்பதைவிட முன்னால் இருப்பதாகத் தோன்றும். ஸ்டாண்டை மாற்ற முடியாதவர்கள் கேமில் உண்மையான 45-ஐக் கொடுக்கட்டும். மூன்று திரைக்கும் தனித்தனியாகப் படம் வரையும் வசதி கேமில் இருந்தால் படம் சரியாகிவிடும், பக்கப் பார்வை மட்டும் கொஞ்சம் குறையும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு திரைகளுக்கும் இடையே கோணமானியை வைத்தால் 122 காட்டும். 180-இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் 58.

சோதிக்க, காரை நிறுத்தி, சாலையோர வெள்ளைக் கோடு இரண்டு திரைகளையும் கடக்கும்படி திருப்புங்கள். பெசலில் கோடு ஒடிந்தால் எண் தப்பு. அடிவானத்தை நம்ப வேண்டாம். கண் மட்டத்தில் இருப்பதால் எந்தக் கோணத்திலும் அது நேராகத்தான் தெரியும்.

தூரத்தை ஹெட்ரெஸ்ட்டிலிருந்து அளப்பது

பிரேக்கை முழுதாக மிதித்தபடி உட்காருங்கள், இன்னொருவர் உங்கள் கண்ணோரத்திலிருந்து டேப் பிடிக்கட்டும். 65-க்குப் பதில் 75 என்று போட்டால் FOV 57-லிருந்து 51-க்கு இறங்கிவிடும்.

கிடைமட்ட எண்ணைச் செங்குத்துக் கட்டத்தில் போடுவது

அசெட்டோ கோர்சா என்ற ரேசிங் கேம் கேட்பது செங்குத்து FOV. மேலே சொன்ன மானிட்டருக்கு அது 34, 57 இல்லை.

வெவ்வேறு அளவு மானிட்டர்கள்

வேண்டாம்.