பல மொழி பேசுபவர்கள் கூடும் இடத்தில் வணக்கம் சொல்வது எப்படி?

1. யார் வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

பெயரையும் முகத்தையும் வைத்து மொழியை ஊகிப்பதுதான் பெரும்பாலும் சங்கடத்தில் முடிகிறது. பெயர்ப்பதிவு வாங்கும்போதே "உங்களை எந்த மொழியில் வரவேற்கலாம்?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். "பொது மொழியே போதும்" என்று சொல்பவரை அப்படியே விட்டுவிடுங்கள்.

மாண்டரின், ஸ்பானிஷ், சுவாஹிலி, அரபு என்று நான்கு மொழிகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். நான்கு வரை வாயால் சொல்லலாம். பத்து என்றால் அது வருகைப் பதிவு எடுப்பது போல ஆகிவிடும். அதற்காகச் சிலதை மட்டும் பொறுக்கிச் சொன்னால், விடுபட்டவருக்கு வருத்தம். அப்போது பொது மொழியில் மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு, எல்லா மொழி வணக்கங்களையும் வாசல் பலகையில் எழுதி வைப்பதே நல்லது.

2. கூட்டத்துக்கான வடிவத்தைப் பிடியுங்கள்

இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. மாண்டரினில் "நீ ஹாவ்" ஒருவருக்குச் சொல்வது. எல்லோரையும் பார்த்துச் சொல்ல "தாஜியா ஹாவ்". சுவாஹிலியில் ஒருவருக்கு "ஹுஜாம்போ", பலருக்கு "ஹம்ஜாம்போ". "ஹதுஜாம்போ" என்று பதில் வந்தால், உங்கள் வணக்கம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ஸ்பானிஷில் அந்தத் தொல்லையே இல்லை, எத்தனை பேர் இருந்தாலும் "ஓலா"தான். ஸ்பானிஷ் எழுத்தில் அதன் முதலில் இருக்கும் ஹகரத்தை உச்சரிக்கக் கூடாது.

அரபுக்கு "மர்ஹபா" எடுத்துக்கொள்ளுங்கள். "அஸ்ஸலாமு அலைக்கும்" சமய வாழ்த்தாகவும் கேட்கும். அரபு பேசுபவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தவர் அல்ல.

3. உச்சரிப்பை அந்த மொழிக்காரரிடமே கேளுங்கள்

மாண்டரினில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் அது பிடிபடாது. வருபவர்களில் ஒருவரிடம் குரல் பதிவு ஒன்று அனுப்பச் சொல்லி, காதால் கேட்டுப் பழகுங்கள். ஓரளவு சரியாக வந்தாலே போதும். அந்த ஊர்க்காரர் மாதிரியே இழுத்துப் பேச முயன்றால் கேலி செய்வது போலக் கேட்கும்.

4. சொல்லிவிட்டு நகருங்கள்

"வணக்கம். தாஜியா ஹாவ், ஓலா, ஹம்ஜாம்போ, மர்ஹபா. எல்லோரும் வந்ததில் மகிழ்ச்சி. முதலில் இன்றைய திட்டத்தைப் பார்த்துவிடலாம்." இவ்வளவுதான், பத்து விநாடி.

ஒவ்வொரு வணக்கத்துக்கும் அந்த மொழிக்காரரை விரலால் காட்டாதீர்கள், அவர் காட்சிப்பொருளாகிவிடுவார். கைதட்டலுக்குக் காத்திருப்பது, "சரியாச் சொன்னேனா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பது, எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கதை சொல்வது, இந்த மூன்றும்தான் பந்தாவாகத் தெரியும். குரலிலும் கவனம் தேவை. நன்றாகத் தெரிந்த மொழியை நீட்டி முழக்கி மற்றதை முணுமுணுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாராவது தம் மொழியில் கடகடவென்று பேச ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே, "எனக்கு இந்த ஒரு சொல்தான் தெரியும்" என்று சொல்லிவிடுங்கள். காது கேளாதவர் இருந்தால் அவர்கள் பயன்படுத்தும் சைகை மொழியில் வணக்கத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சைகை மொழிகளும் நாட்டுக்கு நாடு வேறு.