மயில்கழுத்து நிறத்தைப் படம் பிடிப்பது எப்படி?

எங்கள் அண்ணி சேலம் அம்மாப்பேட்டையில் கைத்தறிச் சேலைகளுக்கு வடிவமைப்பு செய்தவர். குழந்தை பிறந்ததும் நின்றுபோன வேலையை, எட்டு ஆண்டுகள் கழித்து, வடிவங்களை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து மீண்டும் தொடங்கினார். முதலில் விற்ற சேலையே திரும்பி வந்துவிட்டது. "படத்தில் நீலம், கையில் பச்சை" என்றார் வாங்கியவர்.

சேலையில் குறையே இல்லை. அது மயில்கழுத்து நிறம்: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒரு நிறம் மேலெழும். அண்ணி இரவில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரே ஒரு படம்தான் எடுத்திருந்தார்.

இப்போது காலை பத்து மணிக்குத் திண்ணை நிழலில் எடுக்கிறார். நேர் வெயிலில் ஜரிகை வெள்ளையாக வெளுத்துவிடும். சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைக்கிறார். படத்தில் தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் நிறம் பிசகிவிட்டது என்று பொருள். மீண்டும் எடுக்க வேண்டும். பாவு வாக்கில் ஒன்று, ஊடை வாக்கில் ஒன்று, மடிப்பைத் திருப்பிக் காட்டும் சிறு வீடியோ ஒன்று. எனக்கு வீடியோதான் மிக முக்கியம் என்று தோன்றுகிறது.

அப்படியும் ஒவ்வொரு போன் திரையும் நிறத்தைச் சற்று மாற்றிக் காட்டும். அதனால் "நீலப் பாவு, பச்சை ஊடை" என்று படத்தின் கீழே எழுதிவிடுகிறார். தயங்குபவர்களுக்கு இரண்டு நூல் துண்டுகளையும் தபாலில் அனுப்பிவைக்கிறார்.