கருப்புக் கட்டத்துக்குள் கணக்கு எண் இன்னும் இருக்கிறதா? ஒரு பேங்க் ஸ்டேட்மென்டை முழுசாக மறைப்பது எப்படி

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். பத்தமடையில் கோரைப்பாய் வாங்கி விற்கும் அக்கா ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பி, பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். சென்னைக் கடைக்காரர் ஒருவர் பாய்க்குப் பணம் போட்டுவிட்டேன் என்கிறார், அக்கா கணக்கில் பாதிதான் வந்திருக்கிறது. அதைக் காட்ட அந்த மாத ஸ்டேட்மென்டை எடுத்து, கணக்கு எண், வீட்டு விலாசம் இரண்டின் மேலும் அவர் மகன் கருப்புக் கட்டம் போட்டிருந்தான். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

சந்தேகத்தில் அந்தக் கருப்பின் மேல் மவுஸை இழுத்து, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டினேன். கணக்கு எண் மொத்தமும் வந்து விழுந்தது, பின்னாலேயே தெருப் பெயரும் கதவு எண்ணும். "அழிச்சிட்டோம்லா தம்பி, பெறவு எப்பிடி வருது?" என்றார் அக்கா. காலையிலேயே அந்தக் கோப்பைச் சென்னைக்கு அனுப்பியும் இருந்தார். உடனே எல்லாருக்கும் அழிக்கச் சொன்னேன். ஆனால் அவர்கள் அதற்குள் இறக்கி வைத்திருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

எப்படி வந்தது என்றால், பிடிஎஃப் என்பது போட்டோ மாதிரி இல்லை. "இந்த இடத்தில் இந்த எழுத்துகளை எழுது" என்ற கட்டளைகள் அதற்குள் வரிசையாக இருக்கும். கருப்புக் கட்டம் போட்டால் "அதன் மேல் ஒரு கருப்புச் செவ்வகம் வரை" என்று கடைசியில் ஒரு கட்டளை கூடுகிறது, அவ்வளவுதான். முதலில் எழுதியது அழியவில்லை. தரையில் கிடக்கும் காகிதத்தின் மேல் பாயை விரித்த கதைதான், பாயைத் தூக்கினால் காகிதம் அங்கேயே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்ப்பின் தேர்தல் பிரச்சாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் கோர்ட்டில் கொடுத்த ஆவணத்திலும் இதுவேதான் நடந்தது. கருப்படித்த வரிகளைப் பத்திரிகைக்காரர்கள் காப்பி எடுத்தே படித்துவிட்டார்கள்.

அக்காவின் ஸ்டேட்மென்டை அன்றைக்குச் சரிசெய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. தேவையான பக்கத்தை மட்டும் எடுங்கள்

ஸ்டேட்மென்ட் மூன்று பக்கம். காட்ட வேண்டியது இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. கோப்பைப் பிரவுசரில் திறந்து, Print போய், பக்கம் 2 மட்டும் கொடுத்து, Save as PDF என்று சேமித்தேன். விலாசம் இருந்த முதல் பக்கம் இதிலேயே கழன்றுவிட்டது. மறைப்பதைவிட, அனுப்பாமல் இருப்பது எப்போதும் பலமானது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பேங்க் அனுப்பும் கோப்பு பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்டு வரும், அந்தப் பாஸ்வேர்டு பிறந்த தேதியாகவோ போன் எண்ணாகவோ இருக்கும். அதை அப்படியே அனுப்பினால் கூடவே அதையும் சொல்ல வேண்டிவரும். புதிதாகச் சேமித்த கோப்பில் பாஸ்வேர்டு இருக்காது.

2. எதையெல்லாம் மறைப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்

கணக்கு எண் மேலே ஒரு இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். அக்கா பக்கத்தில் தலைப்பில் ஒன்று, அடிக்குறிப்பில் ஒன்று, ஒரு டிரான்ஸ்ஃபர் வரியின் விவரத்துக்குள் ஒன்று, ஆக மூன்று இடம். யுபிஐ வரிகளில் மற்ற வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் இருந்தன. அவர்கள் விவரத்தைக் காட்ட நமக்கு உரிமை கிடையாது, அதனால் அந்த வரிகள் முழுக்க மறைய வேண்டும். மீதித் தொகைக் கட்டமும் போக வேண்டும். விட்டுவைத்தது அக்கா பெயர், தேதி, வந்த தொகை, அந்தப் பணத்துக்கான 12 இலக்க யுபிஐ எண். வழக்கு அந்த எண்ணில்தான் தீரும், அதை மறைத்துவிடக் கூடாது.

3. லிப்ரேஆபீஸில் மறையுங்கள்

லிப்ரேஆபீஸ் இலவசம். இந்த மறைப்புக் கருவி 6.3 பதிப்பில் இருந்து அதில் இருக்கிறது. புதுக் கோப்பை லிப்ரேஆபீஸ் டிராவில் திறந்து Tools → Redact அழுத்துங்கள். பக்கம் படமாக மாறி இன்னொரு ஜன்னலில் திறக்கும், கூடவே ஒரு சின்னக் கருவிப்பட்டையும் வரும். அதில் செவ்வகத்தை எடுத்து ஒவ்வொரு இடத்தின் மேலும் இழுங்கள். இலக்கத்தின் தலையோ காலோ வெளியே எட்டிப் பார்க்காத அளவுக்கு, இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு இழுங்கள்.

இந்த நேரத்தில் செவ்வகம் சாம்பல் நிறத்தில், கீழே உள்ளது தெரிகிற மாதிரிதான் இருக்கும். நாம் சரியான இடத்தில் போட்டிருக்கிறோமா என்று பார்ப்பதற்காக அப்படி. பயப்பட வேண்டாம், ஆனால் சேமிக்கும்போது கவனம் வேண்டும். பட்டையில் Redacted Export என்பதை எடுத்து, கருப்பைத் தேர்ந்து பிடிஎஃபாக எடுக்க வேண்டும். பக்கத்திலேயே Export Directly as PDF என்று ஒன்று இருக்கிறது. அது சாம்பல் நிறத்தோடு, எண் தெரிகிற மாதிரியே கோப்பைத் தரும். நானே முதல் தடவை அதைத்தான் அழுத்தினேன், திறந்து பார்த்ததால் தப்பித்தேன்.

4. போய்விட்டதா என்று சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசு கேட்காததும் இதில்தான். புதுக் கோப்பை வேறொரு செயலியில் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் ஒட்டுங்கள். பக்கம் படமாகிவிட்டதால் ஒன்றுமே வரக் கூடாது. சில செயலிகள் படத்தில் உள்ள எழுத்தையும் தாமாகப் படித்துத் தரும். அப்படி ஏதாவது வந்தால் அதில் மறைத்த இலக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

Ctrl+F போட்டுக் கணக்கு எண்ணைத் தேடி, கிடைக்கவில்லை என்றதும் நிறுத்திவிடாதீர்கள். கோப்புக்குள் எண் நாலு நாலாகப் பிரிந்து கிடந்தால் முழு எண்ணாகத் தேடும்போது சிக்காது. அதனால்தான் மொத்தமாக ஒட்டிப் பார்க்கச் சொல்கிறேன். உபுண்டு வைத்திருப்பவர்கள் poppler-utils நிறுவிவிட்டு, paai.pdf என்ற இடத்தில் தங்கள் கோப்பின் பெயரைப் போட்டு இப்படிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் எழுத்து எல்லாம் திரையில் கொட்டும்:

```
pdftotext paai.pdf -
pdfinfo paai.pdf
```

முதல் கட்டளைக்கு வெறும் வெற்றிடம் வர வேண்டும். இரண்டாவது கட்டளை, கோப்பின் தலைப்பு, உருவாக்கியவர் பெயர் போன்றவற்றைக் காட்டும். அடுத்து கோப்பை 400 சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்தையும் பாருங்கள்.

கடைசியில் கோப்பின் பெயர். அக்காவின் மூலக் கோப்புக்குப் பெயரே கணக்கு எண்தான்! உள்ளே எவ்வளவு மறைத்தாலும் அது வாட்ஸ்அப்பில் பளிச்சென்று தெரியும்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால்

தேவையான வரி மட்டும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மற்றதன் மேல் முழு அடர்த்தி உள்ள கட்டத்தை வையுங்கள். ஹைலைட்டர் வேண்டாம், கருப்பாகத் தெரிந்தாலும் அது அரைகுறையாக ஊடுருவும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எழும்பி வரும். மங்கலாக்குவதும் வேண்டாம். இலக்கங்கள் பத்தே வகைதான், ஒவ்வொன்றையும் மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்த்தே கண்டுபிடிக்க முடியும். மறைத்த படத்தை இன்னொரு தடவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இரண்டாவது படத்தை அனுப்புங்கள்.

கூடவே ஆதார் அனுப்புகிறவர்களுக்கு: விலாசத்தைக் கருப்படித்துவிட்டு க்யூஆர் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதை ஸ்கேன் செய்தால் அதே விலாசம் அதற்குள் இருந்து வரும். எண்ணை மறைக்க, முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை யூஐடிஏஐ தளத்திலேயே இறக்கலாம்.

அக்காவுக்கு அன்று போனது ஒரே பக்கம், paai.pdf என்ற பெயரில். அனுப்பும் முன் அவரையே மவுஸைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். நோட்பேடில் ஒட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. "இப்ப அனுப்பலாம்லா?" என்றார். அனுப்பச் சொன்னேன்.