ஒரு கேன் க்யூரிங் காம்பவுண்ட் போதுமா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

40 அடிக்கு 30 அடி, லாரி நிற்கும் கான்கிரீட் தளம். வழுக்காமல் இருக்க மேலே துடைப்பத்தால் கோடு இழுத்திருக்கிறார்கள். புது கான்கிரீட்டின் ஈரம் ஆவியாகாமல் இருக்க மேலே அடிக்கும் க்யூரிங் காம்பவுண்ட் எத்தனை லிட்டர் வேண்டும்?

முதல் தவறு அலகில் வருகிறது. நம் சைட்டில் எல்லாமே சதுர அடி. கேனில் எழுதியிருப்பதோ லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர். இங்கே 5 என்று வைத்துக்கொள்வோம். 1200-ஐ அப்படியே 5-ஆல் வகுத்தால் 240 லிட்டர் வரும். 10.76-ஆல் வகுத்துச் சதுர மீட்டராக்கினால் பரப்பு 111.5தான், அதை 5-ஆல் வகுத்தால் 22.3 லிட்டர்.

இந்த 22.3தான் ஆபத்தான எண். 20 லிட்டர் கேனுக்கு அவ்வளவு அருகில் இருப்பதால், "ஒரு கேன் வாங்கு, இழுத்து அடிச்சுக்கலாம்" என்று முடிவாகிவிடும். ஆனால் அந்த 5, வழவழப்பான பரப்புக்கானது. துடைப்பக் கோடு போட்ட தளத்தில் மேடும் பள்ளமும் சேர்ந்து பரப்பு கூடுகிறது. அங்கே 4 என்று வைப்பதே சரி. அப்போது 28 லிட்டர். காற்றில் பறப்பதற்கும் கேனில் ஒட்டுவதற்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 31 லிட்டர். ஆகவே இரண்டு கேன். மீதியை வீண் என்று நினைக்க வேண்டாம். க்யூரிங் முடியும் முன்பே பக்கப் பலகையைப் பிரித்தால் ஓரங்களுக்கும் அடிக்க வேண்டும்.

பற்றாத கேனில் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். லிட்டர் கணக்கு சரியாகிவிடும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் படலம் மெலிந்துவிடும். தயாரிப்பாளர் கலக்கச் சொல்லாதவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது.

இரண்டு பூச்சு அடிப்பதானால், கேனில் உள்ள அளவு ஒரு பூச்சுக்கா, மொத்தத்துக்கா என்று முதலில் பாருங்கள். ஒரு பூச்சுக்கு என்றால் வாங்குவது இரட்டிப்பாகும். நம் கணக்கில் மொத்தத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். 16 லிட்டர் முதுகு ஸ்பிரேயரில் பதினைந்தரை லிட்டர் ஊற்றி, தளம் முழுதும் நீளவாக்கில் ஒரு முறை. அது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் இன்னொரு பதினைந்தரை லிட்டர் குறுக்குவாக்கில். முதல் சுற்று முடியும்போது டேங்க்கில் நாலு லிட்டர் மிஞ்சினால், அடித்தவர் வேகமாக நடந்துவிட்டார். படலம் மெலிதாக இருக்கிறது. அதை மெலிந்த இடத்திலேயே அடித்துவிடுங்கள். வெள்ளை நிறக் காம்பவுண்டாக இருந்தால் கண்ணாலேயே பிடிக்கலாம்: கான்கிரீட்டின் சாம்பல் நிறம் தெரியும் இடமெல்லாம் குறைவு. அடிக்கடி கலக்காவிட்டால் வெள்ளை நிறமி கேனின் அடியில் தங்கி, இந்தச் சோதனையும் பொய்த்துப்போகும்.

நேரமும் கணக்கை மாற்றும். மேலே கசிந்த நீரின் மினுமினுப்பு மறைந்ததும் அடித்தால்தான் இந்த 31 லிட்டர் பற்றும். உலரவிட்டு அடித்தால் கான்கிரீட் காம்பவுண்டை உறிஞ்சிக்கொள்ளும். நீர் நிற்கும்போதே அடித்தால் படலம் ஒழுங்காகப் பிடிக்காது. இன்னும் பத்து லிட்டர் கொட்டினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.